இஸ்பேட் ராணி நான்தான்

பொய் சொன்னேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே! சீட்டுகள் காட்டியது என்னை. நான் கைகாட்டியது, ஒரு பாவமும் அறியாத பேச்சியை.

நான் ஆரோக்கியம். கணவனை இழந்தவள். மதுரை ரயிலடிக்குப் பின்னால், தையல் மெஷினை மிதித்துச் சாப்பிடுகிறவள். ரயில்வே கார்டு துரையின் மனைவிக்குக் கவுன் தைக்கப் போன இடத்தில் அந்த அம்மாள் எனக்குச் சீட்டுக்கட்டை வைத்துக் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். நம்பினேனா என்று கேட்கிறீர்களா? அந்த ஒரு நாள் நம்பினேன்.

மில்லில் வேலை பார்த்த சுந்தரம் சட்டை தைக்கக் கொடுக்க வருவார். பிறகு தைக்கச் சட்டை இல்லாதபோதும் வந்தார். பேசிக்கொண்டிருப்போம்... அவ்வளவுதான். விரல்கூடப் பட்டதில்லை. ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் ஊசியில் நூல் கோக்க வராது எனக்கு. அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒரு மத்தியானம் அவர் மனைவி கமலம் விளாங்குடியிலிருந்து வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“அக்கா, அவுக மனசு வீட்ல இல்லக்கா. வேற எவளோ இருக்கா. சீட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எவ்வளவு தூரம் தெரிந்துவிட்டது என்று அறியும் ஆசை... உட்காரச் சொன்னேன்.

இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை எடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு மிஞ்சின. அவள் சிவப்பு, அதனால் ஆர்ட்டின் ராணி. அவர் கறுப்பு, கிளாவர் ராஜா. அவளே கலைத்து, இடக்கையால் மூன்றாக வெட்டினாள். வரிசைக்கு எட்டாக நான்கு வரிசை பரப்பினேன். ராஜாவும் ராணியும் ஒரே வரிசையில் விழுந்தார்கள். இருவருக்கும் நடுவில் கிடப்பதைத்தான் படிக்க வேண்டும்.

நடுவில் இஸ்பேட் ராணி! அந்தச் சீட்டுக்கு விதவை என்று அர்த்தம்.

ஆனால் நடுவில் பெண் விழுந்தாலே கள்ளக்காதலி என்றாகிவிடாது. தாயாகலாம், தமக்கையாகலாம். யார் என்பதைப் பக்கத்துச் சீட்டு சொல்லும். ஆர்ட்டின் ஏஸ் ஒட்டி இருந்தால் வீட்டுக்குள் இருப்பவள், ஏனென்றால் அதுதான் வீட்டுச் சீட்டு. இங்கே ராஜாவுக்கும் விதவைக்கும் இடையில் கிடந்தது ஆர்ட்டின் எட்டு, அதாவது போக்குவரத்து, விருந்தாளி. விதவைக்கும் கமலத்துக்கும் இடையில் இஸ்பேட் ஏழு. சண்டை, சிநேகித முறிவு. வீட்டு ஏஸோ கமலத்துக்கு அந்தப் புறம் கிடந்தது. வீட்டுக்கு வெளியே அவர் தேடிப் போகும் விதவை... இதைவிட வெளிச்சமாக ஒரு சீட்டு எப்படிச் சொல்லும்?

“இது யாருக்கா, இந்தக் கறுத்த ராணி?”

அவள் வீட்டில் ஒரு விதவை இருப்பது எனக்குத் தெரியும். சுந்தரத்தின் தங்கை பேச்சி. புருஷன் செத்தபின் அண்ணனை அண்டி வந்தவள். என் விரல், அந்தப் புறம் கிடந்த ஏஸைத் தொட்டது.

“வீட்டுச் சீட்டு இதே வரிசையில் இருக்கு பாரு. வெளிய எவளும் இல்லம்மா. வீட்டுக்குள்ள இருக்கிற விதவைதான் அவர் மனசைக் கலைக்கிறா.”

“எங்க நாத்துனாவா! நெனச்சேன்க்கா...”

நிம்மதியாக எழுந்து போனாள். சீட்டுகளைக் கட்டி வைத்தபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. சீ!

வீட்டில் சண்டை மூண்டது. கமலம் சோறாக்க மறுத்தாள், கிணற்றில் விழுவேன் என்றாள். கடைசியில் பேச்சியை ஒரு தகரப் பெட்டியோடு வண்டியூரில் தூரத்து உறவின் மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். சுந்தரம் என் வாசலில் நின்று அழுதார். “எந்தங்கச்சி என்ன பாவம் பண்ணுச்சு ஆரோக்கியம்?” நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். அதன்பிறகு அவர் வரவில்லை. நான் பொய் சொல்லிக் காப்பாற்றியது எதை?

சில மாதம் கழித்துப் பேச்சியே வந்தாள்! சூளையில் கூலிக்குச் செங்கல் சுமந்து தலைமுடி உதிர்ந்திருந்தது. என்மேல் சந்தேகமே இல்லை அவளுக்கு.

“அக்கா, மதினி உங்களுக்குச் சீட்டுப் பாக்கத் தெரியும்னு சொல்லுவாக. எங்கண்ணன் என்னயக் கூப்பிட வருமான்னு பாருங்க. எம்புட்டு நாளானாலும் இருந்துக்கிறேன். வரும்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

சீட்டை எடுக்க என் கை வரவில்லை. உண்மையைச் சொல்ல வாயும் வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு, “வருவாரு” என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விளாங்குடிக்குப் போய் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார் அவள் அண்ணன். எத்தனையோ நாள் புறப்பட்டு, தெருமுனையிலிருந்து திரும்பியிருக்கிறேன்... பேச்சி இன்றும் வண்டியூரில் காத்திருக்கிறாள்.