மூக்கு போன வருஷத்து வெங்காயம்

மண்டியில் அவளுக்கு மோப்பக்கா என்று பெயர். வைத்தவர் மண்டிக்காரர்தான். மூட்டையின் வாயை அவிழ்த்து முகத்தை உள்ளே நுழைத்து ஒரு மூச்சு இழுப்பாள். "இது மழை பட்ட சரக்கு, வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவாள். அவர் நம்பாமல் கொட்டிப் பார்த்தால், நடுவில் நாலைந்து வெங்காயம், தாள் அறுத்த கழுத்தில் குழைந்து கிடக்கும். அந்த மூக்கை வாடகைக்கு விட்டால் தானே எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லுவார். அவளும் சிரிப்பாள்.

அவளும் தம்பியும் தம்பி மனைவியுமாக வெங்காயம் பொரித்து, பாக்கெட் போட்டு, ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறார்கள். அடுப்பு தம்பி மனைவி பொறுப்பு. கொண்டுபோய்க் கொடுப்பதும் வசூலும் தம்பி. வாங்குவதும் வாங்கியதைக் காப்பதும் அவள். அறுவடை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டும் சில வாரங்களில் விலை தரைக்கு இறங்கிவிடும். அப்போது வாங்கி வைப்பதுதான் மழைக்காலம் முழுக்க, விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கும்போது, அடுப்பை எரிய வைக்கும். வாங்கியதை அழுகவிட்டால் வாங்கின லாபம் குப்பைக்குழிக்குப் போய்ச் சேரும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. சுவருக்குப் பதில் கம்பி வலை. உள்ளே, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி மரச்சட்டங்கள் அடித்த தட்டுகள். காற்று அடியிலிருந்தும் வர வேண்டும் என்பதற்காகச் சட்டங்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்க விடமாட்டாள்; மேலே பாரம் ஏறினால் அடியில் இருப்பது நசுங்கும். வெட்டுப்பட்டது, இரட்டை, கழுத்து தடித்தது எல்லாம் வந்த வாரமே அடுப்புக்குப் போகும். கழுத்து நன்றாகக் காய்ந்து, மேல்தோல் சலசலவென்று இருப்பதுதான் தட்டுக்கு ஏறும். வாரம் ஒருமுறை தட்டுத் தட்டாக மோந்துகொண்டே நடப்பாள். எங்கே ஒன்று கெட்டாலும் மூக்கு சொல்லிவிடும். அதை மட்டும் எடுத்தால் போதும், பக்கத்தில் இருப்பது தப்பித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது. மூக்கு திரும்பவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். சிலருக்குத் தானாக வரும், சிலருக்கு வராது என்றார். எப்போது என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். உப்பு தெரிந்தது, காரம் எரிந்தது. மற்றபடி ஈரக் காகிதத்தை மெல்லுவது போல இருந்தது. கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் கதவைத் திறக்கும் முன்பே டீசல் நெடி வந்து சொல்லும். இப்போது அவர் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் வந்திருக்கிறார் என்றே தெரிந்தது. இதற்காகவெல்லாம் அழ வேண்டும் போலிருக்கும் என்று நினைத்தாள். அப்படி ஒன்றும் வரவில்லை. வெங்காயம் நறுக்கினால் மட்டும் எப்போதும் போலக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டதில்லை. சொல்வதற்கு வாயைத் திறக்கிற அலுப்புதான்.

விலை இறங்கியதும் தம்பி வண்டியோடு வந்து நின்றான். மண்டிக்குப் போனாள். மூட்டை வாயை அவிழ்த்தார்கள். பழக்கத்தில் குனிந்தாள், மூச்சு இழுத்தாள். ஒன்றுமில்லை. சாக்கின் நார் கன்னத்தில் குத்தியது, அவ்வளவுதான். மண்டிக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றாள். அடுத்த மூட்டைக்கும் சரி. அன்றைக்கு ஒரு மூட்டையைக்கூட அவள் தள்ளவில்லை. இந்தத் தடவை நல்ல சரக்குதான் வந்திருக்கிறது என்று மண்டிக்காரரே நம்பிவிட்டார்.

தட்டுகளில் ஏற்றினார்கள். வாராவாரம் மோந்துகொண்டே நடந்தாள், முன்பு போலவே, அதே வேகத்தில். அது நடிப்பு என்றுகூட அவளுக்குப் படவில்லை. கால் நடந்தது, தலை குனிந்தது.

மழை தொடங்கிய சில வாரங்களில் ஒரு காலை. தம்பி மனைவி எண்ணெய் டின் எடுக்கக் கொட்டகைப் பக்கம் வந்தவள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மோப்பக்கா உள்ளே, மூன்றாவது தட்டின் பக்கத்திலேயே நின்று சாக்கு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்களுக்கு நாத்தம் வரலையா?"

மடித்த சாக்கைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மூக்கு போயிருச்சும்மா."

"எப்போ?"

"காய்ச்சல் வந்தப்பவே."

"அப்ப மண்டியில..."

"சும்மா குனிஞ்சேன்."

தம்பி மனைவி தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே வந்து, மேலே இருந்த வெங்காயத்தை அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள். அடுப்பை அன்றைக்குப் பற்ற வைக்கவில்லை.

தட்டு முழுவதையும் இறக்கினார்கள். நடுவில் ஒரு குழி போலக் கறுத்து, நீர் விட்டு, விரல் வைத்தால் உள்ளே போனது. சட்டங்களில் சாறு வழிந்து காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கழுத்தை அழுத்திப் பார்த்தார்கள். குழைந்தது குப்பைக்குழிக்கு. மேல்தோல் மட்டும் நனைந்து உள்ளே கெட்டியாக இருந்ததைக் கொட்டகை வாசலில் ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறி வைத்தார்கள். முளை விட்டது, லேசாக நசுங்கியது தனிக் கூடையில், மறுநாள் பொரிக்க. சட்டங்களைக் கழுவி, காய்ந்த பிறகுதான் திரும்ப ஏற்றினார்கள். மற்ற தட்டுகளையும் கிளறினார்கள். இன்னொன்றிலும் கொஞ்சம் போயிருந்தது. அந்த மூன்றாவது தட்டில் பாதி குழிக்குப் போனது.

சாயங்காலம் தம்பி வந்து குழியைப் பார்த்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். அவன் கோபமாகத்தான் வந்தான், ஆனால் அவள் முகத்தில் திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காதது போல நின்றுவிட்டு, கை கழுவப் போனான். கணவர் இரவுச் சாப்பாட்டின்போது விஷயம் கேள்விப்பட்டார். தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, இத்தனை நாள் ருசியே தெரியாமலா சாப்பிட்டாய் என்றார். ஆமாம் என்றாள். அவர் அதற்கு மேல் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டு முடித்தாள்.

மோப்பம் பிடிக்கும் வேலை தம்பி மனைவிக்குப் போனது. அடுப்புப் புகையில் அவளுக்குப் பாதி நேரம் மூக்கடைப்பு, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. கையை வைத்துப் பார்க்கலாம் என்று மோப்பக்காவுக்குத் தோன்றியது. குவியலின் நடுவே முழங்கை வரை விட்டுப் பார்ப்பாள். அழுகுகிற இடம் சுற்றியிருப்பதைவிடக் கதகதப்பாக இருக்கும், விரலில் பிசுபிசுக்கும். தட்டுகளுக்கு அடியில் பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து விரித்தாள். மேலே எங்கே நீர் விட்டாலும் துணியில் பழுப்புக் கறை விழுந்துவிடும். கறைக்கு நேர் மேலே தோண்டினால் போதும். கொசு போன்ற சின்னப் பூச்சிகள் ஒரே இடத்தில் சுற்றினாலும் அங்கே தோண்டுவாள். மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் கொஞ்சம்தான் போயிற்று. கடைசியில் சரக்கு பற்றாமல், ஏறின விலையில் சில மூட்டை வாங்க வேண்டியிருந்தது. பெரிய லாபமில்லை. ஆனால் அந்த ஒரு நாளைத் தவிர அடுப்பு அணையவில்லை.

தம்பி மனைவி ஒருநாள் அவளிடம் கேட்டாள், கஷ்டமா இருக்கா என்று. அவள் யோசித்துப் பார்த்தாள். "கஷ்டம்னு சொல்ல முடியல. எல்லாம் பக்கத்து வீட்ல நடக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த அறுவடைக்கு இருவரும் சேர்ந்தே மண்டிக்குப் போனார்கள். வாசனை பார்க்கத் தம்பி மனைவி குனிந்தாள். மோப்பக்கா மூட்டைகளைத் தரையில் கொட்டச் சொல்லி, நடுவிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகக் கழுத்தை நெரித்துப் பார்த்தாள். நேரமாயிற்று. மண்டிக்காரர் பொறுமையிழந்து, என்னக்கா ஆச்சு மூக்குக்கு என்றார். போயிருச்சு என்றாள். அவர் சிரிக்க ஆரம்பித்து, தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரு பலகையை இழுத்துப் போட்டு மோப்பக்காவை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்து அடுத்த மூட்டையைக் கொட்டச் சொன்னாள்.