புது வாடிக்கையாளருக்கு நாலு வரி

பின்னல் நூல் விற்கிற கடைக்காரி கைப்பட எழுதுகிற நன்றிச் சீட்டெல்லாம் உண்மையில் மெஷின் எழுதுவது என்று ஒரு பேச்சு தெருவில் உலாவிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவளுடைய தங்கை. தங்கைக்குச் சொன்னது தையற்காரரின் மனைவி. தையற்காரரின் மனைவிக்கு யார் சொன்னார்களோ தெரியாது. ஆனால் சேதி வரும்போதே கைகால் முளைத்துத்தான் வந்தது.

"பேனாவைப் பிடிச்சுக்கிட்டு எழுதற மெஷினாம் அக்கா. நீ பின்னாடி ரூம்ல அதை ஒளிச்சு வெச்சிருக்கியாம்."

"அந்த ரூம்ல உன் அத்தானை வெச்சிருக்கேன். அவரே பாதி நேரம் ஓடறதில்ல."

உள்ளிருந்து, "கேட்டுச்சு," என்றார் கணவர். அவர் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

தங்கை சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பேச்சில் மெஷின் மட்டும்தான் பொய்.

நடந்தது இதுதான். சிநேகிதிகள் இரண்டு பேர் ஒரே வாரத்தில் கடையில் நூல் வாங்கியிருந்தார்கள். ஒருநாள் ஒருத்தி வீட்டு மேசையில் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'முதல் முறை வந்ததற்கு நன்றி. பின்னி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் போதும். உங்கள் கையால் அழகாக வரும்.' எழுத்துக்கு எழுத்து ஒன்று. பெயர் இருந்த இடத்தில் மட்டும் மை கொஞ்சம் கருப்பாக இருந்தது. கூட்டமில்லாத மத்தியானங்களில் பத்துப் பதினைந்து சீட்டை மொத்தமாக எழுதி, பெயருக்கு இடம் விட்டு டிராயரில் போட்டு வைப்பது அவள் வழக்கம். யாராவது புதிதாக வந்தால் பெயரை நிரப்பிப் பையில் போடுவாள். ஒரு நிமிஷ வேலை.

இதில் அவளுக்கு உறைத்தது வேறு ஒரு விஷயம். கடை வைப்பதற்கு முன் பதினோரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதிப் பிழைத்தவள் அவள். எழுதினாள் என்று சொல்வதே மரியாதைக்கு. முன்பே தயாராக இருந்த பத்திகளை எடுத்து ஒட்டுவதுதான் வேலை. தண்ணீர் வரவில்லை என்றால் நான்காம் பத்தி. வந்த தண்ணீர் கலங்கல் என்றால் ஏழாம் பத்தி. இரண்டும் என்றால் இரண்டும். ஒருமுறை ஒரு பெரியவர் பதில் போட்டார்: 'உங்கள் ஏழாம் பத்தி மூன்றாவது தடவையாக என் வீட்டுக்கு வந்து போயிருக்கிறது. எல்லோரும் சௌக்கியமா என்று அது ஒருநாளும் கேட்டதில்லை.' அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் அந்தக் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வேலையை விட்டபோது கையில் இருந்தது கொஞ்சம் சேமிப்பும், பின்னல் கைவேலையும், இனி ஒரு மனுஷருக்கு எழுதுவதை இன்னொருவருக்கு எழுதமாட்டேன் என்கிற வைராக்கியமும். நாலே வருடத்தில் அவளே ஏழாம் பத்தியாகிவிட்டாள்.

அன்று மாலையே டிராயரில் இருந்த சீட்டுகளை எல்லாம் கிழித்துப் போட்டாள்.

"இருபது அட்டை. நல்ல அட்டை," என்றார் கணவர்.

"இனிமே ஆர்டர் வந்தப்புறம்தான் எழுதுவேன். அவங்க சொன்ன ஏதாவது ஒண்ணு அதுல இருக்கணும். வேற யாருக்கும் பொருந்தக் கூடாது."

"வந்தவங்க ஒண்ணுமே சொல்லலைன்னா?"

"வாங்கின நூலைப் பத்தி எழுதுவேன். பச்சை ஏன் எடுத்தீங்கன்னு கேப்பேன். உங்களுக்கென்ன, டேப் ஒட்டுங்க."

அப்படியே செய்தாள். புது ஆள் வெளியே போனதும் பில் நகலின் பின்பக்கம் இரண்டு வார்த்தை குறித்துக்கொள்வாள்: 'நாய்க்குச் சட்டை', 'இடது கை', 'மகளுடன் சண்டை சமாதானம்'. கடை ஓய்ந்ததும் அதைப் பார்த்து எழுதி, பில்லில் இருக்கும் முகவரிக்குத் தபாலில் போடுவாள். நாலு வரிக்கு மேல் போகாது. அடுத்த முறை தள்ளுபடி, நண்பர்களிடம் சொல்லுங்கள் என்பதெல்லாம் கிடையாது. அதை எழுதினால் நன்றி போய் விளம்பரம் ஆகிவிடும் என்பாள். எழுத்து தடித்தடியாக, பெரிது பெரிதாக இருக்கும். எந்தச் சீட்டில் என்ன எழுதினாள் என்று ஒரு நோட்டில் பதிந்து வைப்பாள், திரும்ப வராமல் இருக்க.

பலன் உடனே தெரிந்தது. நாய்க்குச் சட்டை பின்ன நூல் வாங்கினவருக்கு, 'குட்டி இன்னும் வளர்கிறது என்றீர்களே, கழுத்தளவில் இரண்டு விரல் தாராளம் விடுங்கள்' என்று எழுதியிருந்தாள். அவர் அடுத்த வாரம் நாயோடு வந்து நின்றார். நாய் கல்லாவின் மேல் காலை வைத்தது. கணவர் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் சக்கரம் வைத்த பெட்டி. நேராகப் பயணம் கிளம்புகிறவள். இருப்பதிலேயே தடிமனான நூல் வேண்டும், பிசிறு இல்லாமல், வழவழவென்று இருக்க வேண்டும் என்றாள். தடியான மர ஊசியும் கேட்டாள்.

"யாருக்கும்மா?"

"அம்மாவுக்கு." நூல்கண்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பார்வை குறைஞ்சுக்கிட்டே வருது. ஒரு வருஷத்துல முழுசாப் போயிடும்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டார். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அதுக்குள்ள கையால தடவியே பின்னப் பழகிட்டாங்கன்னா..."

நூல்கடைக்காரி ஊசித் தட்டைத் திறந்தாள். ஊசிகளில் மூன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, முனை அதிகம் கூர் இல்லாததைத் தேர்ந்து கொடுத்தாள்.

"நான் ஊர் திரும்ப பத்து நாளாகும். அம்மா வீட்டுக்கே அனுப்பிடுங்க. போன் நம்பர் வாங்கினவங்க, பெறுறவங்கன்னு ரெண்டு இடத்துலயும் என்னோடதே போடுங்க, அவங்களுக்கு போன்ல சின்ன எழுத்து தெரியறதில்ல."

அன்று பில்லின் பின்னால் எதையும் குறிக்கத் தேவைப்படவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதி முடித்தாள். மகளின் பெயர் போட்டு, 'எங்கள் கடைக்கு வந்ததற்கு நன்றி. இந்த நூலில் ஒவ்வொரு வளையத்தையும் விரலாலேயே எண்ணலாம். டாக்டர் சொன்ன ஒரு வருடம் முடிவதற்குள் அம்மாவின் விரல்களுக்குக் கண் முளைத்துவிடும். தைரியமாக இருங்கள்.' கணவரிடம் படித்துக் காட்டினாள். அவர் அதை வாங்கி இன்னொரு தடவை படித்தார். பிறகு, "மெஷின் இதை எழுதாது," என்றார். அவளுக்கு அன்றைக்கு நல்ல தூக்கம்.

புதன்கிழமை பார்சல் போயிற்று. வியாழன் காலை கடை திறந்து, எழுதிய வரிகளை நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். 'அம்மாவின் விரல்களுக்கு' என்று எழுதும்போது பேனா நின்றது.

"என்னங்க. அந்தப் பார்சல்ல சீட்டை எங்க வெச்சீங்க?"

"எங்க வைப்பேன்? மேலதான். பெட்டியைத் திறந்ததும் முதல்ல அதுதான் கண்ணுல படணும்னு நீதானே சொல்லியிருக்கே."

"திறக்கறது யாரு?"

கணவர் டேப்பைக் கீழே வைத்தார்.

நாலு வருடமாக நூல் வாங்குகிறவர்கள் பையைத் தாங்களே தூக்கிப்போனார்கள். சீட்டும் அவர்களோடோ, பிறகு தபாலில் அவர்கள் பெயருக்கோ போயிற்று. அனுப்பச் சொன்னவர்களும் தங்கள் வீட்டுக்கே அனுப்பச் சொன்னார்கள். வாங்குகிற கை ஒன்று, பிரிக்கிற கை இன்னொன்று என்கிற பார்சல் இதுதான் முதல். பழைய சீட்டாக இருந்திருந்தால் யார் பிரித்தாலும் ஒரு கேடும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். அவ்வளவுதான்.

"ஒருவேளை அந்தம்மாவுக்குப் படிக்க முடியாதோ என்னவோ," என்றார் கணவர்.

"என் எழுத்தை எதிர்வீட்டுல இருந்தே படிக்கலாம்."

கூரியர் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் குரலில் அவசரமே இல்லை.

"வண்டி காலையிலயே கிளம்பிடுச்சும்மா."

"டிரைவர்கிட்ட சொல்லி அந்த ஒண்ணை மட்டும் குடுக்க வேண்டாம்னு..."

"அனுப்பினவங்க எழுத்து மூலமா கேக்கணும். நாளைக்குத்தான் நடவடிக்கை எடுக்க முடியும்."

நான்காம் பத்தி என்று நினைத்தாள். பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் பார்சல் சேரும் என்றார் அவர். கடிகாரத்தில் பத்தே முக்கால்.

மகளுக்கு அடித்தாள். மகள் தன் அம்மாவைக் கூப்பிட்டு, பெட்டியைப் பிரிக்காதே, நான் வந்து பிரிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணி அடித்துக்கொண்டே போய் நின்றது. மறுபடி. மறுபடி. 'பார்சலில் ஒரு தவறு, தயவுசெய்து உடனே அழையுங்கள்' என்று செய்தி அனுப்பினாள். சேர்ந்ததாகக் காட்டியது, படித்ததாகக் காட்டவில்லை.

"பறந்துக்கிட்டிருப்பாங்க," என்றார் கணவர்.

"அப்ப மணியே அடிக்காது."

"மீட்டிங்ல இருப்பாங்க. நீ உக்காரு முதல்ல."

அவள் உட்காரவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து சிவப்பு நூல் கேட்டார். நீலத்தை எடுத்து வைத்தாள். கணவர் வந்து மாற்றிக் கொடுத்தார். வந்தவர் புதியவர்தான். பில் நகலின் பின்பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

பதினொன்று இருபதுக்கு அவள் போனில் கூரியர்காரர்களின் செய்தி வந்தது: ஒப்படைக்கப்பட்டது. கூடவே ஒரு படம். பாதி திறந்த கதவு, பெட்டியை வாங்கிக்கொண்ட சுருக்கம் விழுந்த இரண்டு கைகள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தன.

"இப்ப என்ன பண்றது?" என்றார் கணவர். பிறகு அவரே, "பேசாம விட்டுடு. அந்தம்மா படிச்சாங்கன்னா மகள் கூப்பிடுவா. படிக்கலைன்னா நீ சொல்லி ஏன் அவளைக் கலங்க அடிக்கணும்?"

"படிச்சிருந்தாங்கன்னா, மகளுக்குப் போன்ல அம்மா அழற சத்தம்தான் முதல்ல கேக்கும். என்ன ஏதுன்னு புரியறதுக்கு முன்னாடியே. அதுக்கு முன்னாடி அவ என்கிட்டருந்து கேக்கணும்."

"திட்டுவா."

"திட்டட்டும்."

"என்ன சொல்லுவே?"

அவள் யோசித்தாள். மன்னிக்கவும், வருந்துகிறோம், இனி நேராது. பதினோரு வருடத்து வரிகள் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை.

"தெரியல," என்றாள். "எடுத்தா வரும்."

கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அந்த நம்பரை மறுபடி அழுத்தினாள். கணவர் கடைக் கதவைச் சாத்திவிட்டு, அவள் எதிரில் வந்து நின்றுகொண்டார். மணி அடித்தது. அடுத்த முனையில் எந்த ஊரிலோ, எந்த மேசையிலோ, எந்தப் பைக்குள்ளோ அது அடித்துக்கொண்டே இருந்தது.