இரண்டு விரல் உதவி

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த ஜிம், அதற்கு முன் ஒரு மரக்கடையின் கிடங்கு. மேலே தகரம், கீழே ரப்பர் ஷீட், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. காற்றுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். கதவோரம் சின்ன டம்பெல்கள், உள்ளே போகப் போகப் பெரிய எடைகள். அப்படி அடுக்கச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் மூன்று கிலோ தூக்குகிறவன் தெருவுக்கே தெரிவான். தண்ணீர்க் குடத்தோடு போகும் பெண்கள்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அதனால் சேர்ந்த மறுநாளே எல்லோரும் உள்ளே போகத் துடிப்பார்கள்.

நான் கதவோரத்திலேயே நின்றேன். பெரிய மனசெல்லாம் கிடையாது. வலது தோள் மூட்டு முன்பே ஒரு முறை நழுவியிருந்தது, எடை கூடினால் குத்தும். பகலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் புஜத்தை யாரும் கேட்கப் போவதில்லை. என் கூட வந்தவனுக்கு நிலைமை வேறு.

அவன் என் பக்கத்து வீட்டுக்காரன், என் வயசு, முப்பத்தொன்று. ராஜாஜிநகர் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள். வேலை தேடித் தேடி அலுத்துப்போனபோது, மது விற்கும் பப்புகளுக்கு வாசலில் நிற்க ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியைப் பற்றி யாரோ சொன்னார்கள். அங்கே போனால் முதலில் டேப் எடுப்பார்களாம். கையை மடக்கி முறுக்கினால் பதினைந்து அங்குலம் இருக்க வேண்டும். அவனுக்குப் பதினான்குக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு மாதம் கழித்து மறுபடி ஆள் எடுப்போம், அப்போது வா என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு இஞ்ச் தானே மச்சி. நாலு மாசத்துல வராதா?" என்றான்.

வரும் என்றேன். எனக்கு என்ன தெரியும்.

ஜிம்மை நடத்தியவர் மின்சார இலாகாவில் லைன்மேன். கன்னடக்காரர், எங்களைவிட ஒன்றிரண்டு வயசு மூத்தவர், எல்லோருக்கும் மாஸ்டர். டூட்டி முடிந்து சாயங்காலம் வந்து உட்காருவார். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே வார்த்தை: "நிதானா." முதல் வாரமே அவனைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார். முதுகும் குதிகாலும் சுவரில் ஒட்டி நிற்கச் சொன்னார். கைக்கு எட்டு கிலோ டம்பெல் கொடுத்தார். முழங்கை விலாவை விட்டு நகரக்கூடாது, மணிக்கட்டு மடங்கக்கூடாது, மேலே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்து, இறக்கும்போது மூன்று எண்ணு. இவ்வளவுதான். கண்ணாடிக்கு முன்னால் இருபது கிலோ ராடை இடுப்பால் எத்தி எத்திப் பதினைந்து தடவை தூக்கிக்கொண்டிருந்தவன், சுவரில் சாய்ந்து ஏழு தடவைக்கு மேல் எட்டு கிலோவைத் தூக்க முடியாமல் நின்றான்.

"இப்ப தூக்கினது உங்க கை," என்றார் மாஸ்டர் தன் தமிழில். "அங்க தூக்கினது இடுப்பு, முதுகு. ஆட்டினா வெயிட் தன்னால மேல பறந்து வரும், கைக்கு வேலையே இல்ல. கீழ இறக்கறப்பவும் வேலை இருக்கு, நீங்க வெயிட்டைத் தொப்புன்னு போட்டுடறீங்க. ஆறு கிலோ எடுங்க. பன்னிரண்டு தடவை நிதானமா வரணும், கடைசி ரெண்டு கஷ்டமா இருக்கணும், ஆனா ஆடக்கூடாது. அது சுலபமாச்சுன்னா அப்புறம் கூட்டுங்க."

ஆறு கிலோ கதவோரம் இருந்தது. அவன் மூன்று நாள் என் பக்கத்தில் நின்று அதைத் தூக்கினான். நான்காம் நாள் பழைய பட்டறை ஆட்கள் இரண்டு பேர் தெருவில் போனவர்கள் வாசலில் நின்றார்கள். "இன்னா குரு, பொம்பளைங்க வெயிட்டா?" என்று ஒருவன் கேட்டான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அடுத்த நாளிலிருந்து இவன் உள்ளே போய்விட்டான்.

"நீ எதிர்ல நில்லு மச்சி. ஆடாம தூக்கறேன். நடுவுல மாட்டிக்கிட்டா மட்டும் கை கொடு."

எங்கள் ஜிம்மில் இது எல்லோருக்கும் பழக்கம். ஒருவன் தூக்குவான், கூட்டாளி எதிரே நின்று ராடுக்கு அடியில் இரண்டு விரல் வைப்பான். முன்னங்கை தரைக்கு இணையாக வரும் இடம்தான் கஷ்டமான இடம். அங்கே லேசாக ஒரு தாங்கல். அப்போது கூட்டாளி கத்த வேண்டும்: "உன்னுது தான், முழுக்க உன்னுது தான், வா!" தூக்குகிறவனுக்குத் தெம்பு வருவதற்காக அப்படிச் சொல்வது. எல்லோரும் சொல்வார்கள், யாரும் நம்பமாட்டார்கள்.

அவன் நம்பினான்.

இருபதில் ஆரம்பித்தோம். முதல் வாரம் நிஜமாகவே இரண்டு விரல்தான். அப்புறம் இருபத்தைந்து. அதற்கு நான்கு விரல். முப்பது ஆனபோது உள்ளங்கையே போனது. என் தோள் குத்தியது, முதுகு இழுத்தது, நான்தான் தூக்குகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்தபடி "உன்னுது தான்" என்று கத்தினேன். மேலே போனதும் கையை எடுத்துவிடுவேன். ராடு தொடையில் தொப்பென்று விழும். இறக்குவதிலும் அவன் கைக்கு வேலை இல்லாமல் போனது.

ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பட்டறை பூட்டியதிலிருந்து அந்த முகத்தில் சிரிப்பே கிடையாது. முப்பது கிலோ மேலே வந்த அன்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. இது பாதி நிஜம். மீதியையும் சொல்லிவிடுகிறேன்: அவனுக்கு நான் தேவைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. டைப் அடிக்கும் என்னை அதுவரை ஒருத்தரும் அப்படி நம்பி நின்றதில்லை.

மூன்றாம் மாதம் டேப் எடுத்தோம். அவன் கை கால் அங்குலம்கூட ஏறவில்லை. சும்மா கதவோரம் நின்று ஆறு, ஏழரை என்று மெதுவாகத் தூக்கிக்கொண்டிருந்த எனக்கு அரை அங்குலம் ஏறியிருந்தது. அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். அவன் என்னை முந்திக்கொண்டான். "வெயிட் பத்தலடா. முப்பத்தஞ்சு போடணும்," என்றான். மாஸ்டர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். அவனை அல்ல, என்னைத்தான் பார்த்தார். நான் குனிந்து பிளேட்டை மாட்டினேன்.

ஏஜென்சி வரச் சொன்ன நாளுக்குப் பத்து நாள் இருந்தபோது, ஆம்பூரில் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம் என்று மூன்று நாள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவன் வீட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். திரும்பிப் படுக்க முடியவில்லை.

நடந்ததை மாஸ்டர் சொன்னார். நான் இல்லாத அன்று முப்பத்தைந்து கிலோவை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருக்கிறான். ராடு தொடையை விட்டு ஒரு சாண்கூட மேலே வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். மாஸ்டர் எழுந்து வருவதற்குள் முன்னால் குனிந்து, இடுப்பை எத்தி, முதுகைப் பின்னால் வளைத்து ஒரே வீச்சாக வீசியிருக்கிறான். ராடு மேலே வந்ததாம். வந்த இடத்திலேயே அவன் கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம்.

"இத்தனை நாள் எப்படித் தூக்கினான்?" என்று மாஸ்டர் கேட்டார். பதில் அவருக்கே தெரியும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிறகு அந்த ஜிம்முக்குப் போகவில்லை.

முதுகில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, அசையாமல் இரு என்றார் டாக்டர். ஏஜென்சி வரச் சொன்ன நாளில் அவன் பாயில் கிடந்தான். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க கூட இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது, அண்ணா," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நான் கூட இருந்ததால்தான் இப்படி ஆனது என்று அவளிடம் சொல்ல அன்றைக்கும் துப்பில்லை எனக்கு.

முதுகு முழுசாகச் சரியாகவே இல்லை. லேத் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியாது என்றாகிவிட்டது. சின்னப் பெண்ணைக்கூடத் தூக்கமாட்டான். அவள் கையை நீட்டினால் இவன் தரையில் உட்கார்ந்து மடியைக் காட்டுவான். அப்புறம் அவர்கள் வீடு மாறினார்கள். பார்ப்பது குறைந்தது. நானும் குறைத்துக்கொண்டேன்.

ஆறேழு வருஷம் கழித்து, ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை. சட்டைக் கை தொளதொளவென்று இருந்தது. குழந்தைகளைப் பற்றிப் பேசினோம், நான் வந்த பஸ், தவறவிட்ட பஸ் எல்லாம் பேசினோம். பேச்சு தீர்ந்ததும் கேட்டான்:

"அந்த முப்பத்தஞ்சுல என்னுது எவ்ளோடா? உண்மைய சொல்லு."

இத்தனை வருஷம் அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் விலகியிருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. பதினைந்து உன்னுது, மீதி என்னுது, என்னை மன்னிச்சிடு. அவன் முகத்தைப் பார்த்தேன். வாயில் வந்தது வேறு.

"முழுக்க உன்னுது தான் மச்சி. நான் சும்மா ரெண்டு விரல் வெச்சிருந்தேன்."

அவன் என் கையைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்போது உள்ளிருந்து ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவன் நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி எழுந்தான். தள்ளித் திறக்கிற பெரிய இரும்புக் கேட். மழையில் துருவேறி, சக்கரம் தண்டவாளத்தில் சிக்கியிருந்தது. அவன் தள்ளினான், பாதி வந்து நின்றது. எனக்குப் பழக்க தோஷம். பின்னாலிருந்து கை வைத்தேன்.

"கைய எடு," என்றான், திரும்பாமலே.

எடுத்துவிட்டேன். அவன் மறுபடி தள்ளினான். கேட் அசையவில்லை. இன்னொரு தடவை தள்ளிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டான். ஹாரன் விடாமல் அடித்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் காரிலிருந்தவரே எரிச்சலோடு இறங்கி வந்து கேட்டைத் தள்ளித் திறந்தார்.