மூட முடியாத லேப்டாப்

அந்த வீட்டில் மூன்று வாரமாக லேப்டாப்பை யாரும் மூடவில்லை. பகலில் திறந்தே கிடந்தது, தூங்கும்போதும் திறந்தே கிடந்தது. தூசி விழாமல் இருக்க அதன்மேல் ஒரு பழைய துப்பட்டாவைப் போர்த்தி வைத்தாள் வீட்டுக்காரி. பார்க்கிறவர்களுக்கு உள்ளே யாரோ காய்ச்சலில் படுத்திருப்பது போலத்தான் தெரியும்.

அவளுக்கு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்யும் வேலை. லேப்டாப் கம்பெனி கொடுத்தது. கணவர் வேலை பார்த்த ஆலை மூடியபிறகு வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். இயல்பிலேயே அவளுக்குக் கொஞ்சம் பயம் அதிகம். இப்போது கேட்கவே வேண்டாம்.

முதலில் திரையைத் திறக்கும்போது இடது மூலையில் 'கறக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு விசைப்பலகைப் பக்கத்து பிளாஸ்டிக் வாயைப் பிளந்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போய் பயப்படுவியா? ரெண்டு சொட்டுப் பசை போதும்."

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஊற்றியும் முடித்துவிட்டார். பசை காய்ந்தது. விரிசலில் மட்டும் காய்ந்திருந்தால் பரவாயில்லை, திரையை மடக்கும் கீலுக்குள்ளும் வழிந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மறுநாள் திரையைச் சற்றே அசைத்தாள். சடசடவென்று இன்னும் கொஞ்சம் பிளாஸ்டிக் உடைந்தது. அன்றிலிருந்து அவள் அதைத் தொட்டு அசைக்கவில்லை, அவரோடு சரியாகப் பேசவும் இல்லை.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது: எல்லா லேப்டாப்களையும் அலுவலகத்தில் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

முதலில் தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடினாள். விரித்த லேப்டாப்பைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் நடந்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கடைக்காரர் பிளவுக்குள் டார்ச் அடித்தார்.

"கீலு இரும்பும்மா, அதுக்கு ஒண்ணும் ஆகல. அதைப் பிடிச்சிருக்கிற ஸ்குரு எல்லாம் பிளாஸ்டிக் தூண்ல பதிச்ச பித்தளை மரையிலதான் ஏறும். அந்தத் தூணு நொறுங்கி, மரை கையோட வந்துடுச்சு."

"திரும்ப ஒட்ட முடியாதாண்ணா?"

"தூணு முழுசா இருந்தா, கீலைத் தளர்த்திட்டு நல்ல பசைக் கலவை வெச்சுக் கட்டலாம். இங்க கட்டுறதுக்கு என்ன மிச்சம் இருக்கு? விசைப்பலகை இருக்கிற மேல்பகுதியும் கீலும் மாத்தினா சரியாயிடும். ஆனா நான் செய்ய மாட்டேன்." லேப்டாப்பை லேசாகத் தூக்கி அடியில் இருந்த கம்பெனி முத்திரையைக் காட்டினார். "இதைப் பிரிச்சா பழி உங்க மேலதான் வரும். இன்னொண்ணு, மூடிடாதீங்க. திரைக்குப் போற ஒயரு கீலு வழியாத்தான் போகுது. நசுங்கினா படமே வராது."

அலுவலகத்துக்கு வாடகை ஆட்டோவில் லேப்டாப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு போனாள். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது திரை அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். வேலை போனால் பிள்ளைக்கு என்ன சொல்வது, வாடகை கேட்கும் வீட்டு உரிமையாளருக்கு என்ன பதில் என்று வழியெல்லாம் இதே நினைப்பு.

கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த பெண்மணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூலையை உற்றுப் பார்த்தார். வெள்ளையாகப் பூத்திருந்த பசையை நகத்தால் சுரண்டினார்.

"யார் ஊத்தினது?"

கணவரைச் சொல்லிவிடலாம். உண்மையும் அதுதான். மூன்று வாரக் கோபத்தில் அவரை என்னவெல்லாமோ நினைத்திருந்தாள். ஆனால் இந்த அறையில், வேறொருத்தி முன்னால், அவர் பெயரைக் கெடுக்க மனம் வரவில்லை.

"நான்தான் மேடம்."

"சத்தம் வந்த அன்னிக்கே கொண்டு வந்திருந்தா கீலைத் தளர்த்திக் குடுத்து அனுப்பியிருப்பேன். இப்ப மேல்பகுதி, கீலு எல்லாம் மாத்தணும். அதுவரைக்கும் வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

"வேலை போயிடுமா மேடம்?"

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு பிளாஸ்டிக் மூலைக்கா? யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அவளேதான் சொல்லிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்று லேப்டாப்போடு வெளியே வந்தாள்.

வாசலில், பாதுகாவலர் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பதாகச் சொன்ன மனிதர்.

"பையனைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்தேன். நான்தான் ஊத்தினேன்னு உள்ள வந்து சொல்லிடலாம்னு பார்த்தேன்," என்றார். "அப்பவே வந்துட்டேன். கதவைத் தள்ளத்தான் தைரியம் வரல."

அவள் அவர் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.