உரக்குவியலில் என் சாப்பாட்டுப் பொட்டலம்

பார்த்ததையும் படித்ததையும் இணைத்து எழுத வேண்டும் என்பது பேராசிரியையின் உத்தரவு. நோட்டில் இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் கோட்பாடு. சுற்றுச்சூழல் முதுகலை படித்துக்கொண்டிருந்த எனக்கு அதெல்லாம் அல்வா சாப்பிடுவது மாதிரி. அந்தத் திமிரோடுதான் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு காலனியின் உரக்கிடங்கைப் பார்க்க எங்கள் வகுப்போடு போனேன். குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் விதி வந்து சில வருடங்கள் ஆகியும் யாரும் சட்டை செய்யாத காலம் அது.

கிடங்கு என்றால் ஒரு தகரக் கொட்டகை, அதன் கீழே வரிசையாக உரக்குவியல்கள். காலனிச் சங்கம் நடத்தியது. மூன்று சக்கர வண்டியில் வரும் குப்பையைப் பிரிக்க ஒரு அக்கா இருந்தார். நடுக்குவியலில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. காற்றைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் குப்பையைத் தின்னத் தின்னச் சூடு ஏறும் என்று வலப்பக்கம் எழுதிக்கொண்டேன். ஈரக் குப்பைக்கு நடுநடுவே சருகு போட்டிருந்தார்கள். காற்று போகும், கரிமச் சத்தும் சேரும். அதையும் எழுதினேன்.

ஆனாலும் அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. “நாத்தம் அடிக்குதுன்னு பக்கத்து வூட்டுக்காரங்க சொல்லிக்கினே கீறாங்க. குவியல்ல இன்னொரு தபா பிளாஸ்டிக்கப் பாத்தா வேற ஆளப் போட்டுடுவேன்னுட்டாரு செக்ரட்டரி. இன்னிக்கு வருவாரு.”

“ஜனங்க ஏன்க்கா பிரிச்சே குடுக்க மாட்டேங்கறாங்க?” என்று கேட்டேன். எவ்வளவு அக்கறையாகக் கேட்டேன் என்று இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

மத்தியானம் தாம்பரத்து மெஸ்ஸிலிருந்து சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. சாப்பிட்டு முடித்து, எங்கள் வீட்டு வழக்கப்படி இலையை என் பக்கமாக மடித்தேன். மிச்சச் சாதம், சட்னி வந்த பிளாஸ்டிக் பை, பொட்டலத்தின் பிளாஸ்டிக் தாள் எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சுருட்டி, வந்த நூலாலேயே இறுக்கிக் கட்டினேன். சுத்தக்காரி என்று எனக்கு வீட்டில் பெயர். எதிரே ஒரு பச்சைத் தொட்டி இருந்தது. சாப்பாடு, அதனால் ஈரக்குப்பை என்று அதில் போட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

அது அக்கா காலையிலிருந்து பிரித்து வைத்த தொட்டி. தான் பிரித்ததுதானே என்று அவர் அதைப் புதுக்குவியலில் அப்படியே கவிழ்த்துச் சருகு போட்டு மூடிவிட்டார். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். பொட்டலம் ஞாபகமே வரவில்லை.

செயலாளர் வந்ததும் முள்வாரியை எடுத்துக் குவியலைக் கிளறினார். முதல் கிளறலிலேயே என் பொட்டலம் வந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். பின்னாலேயே இன்னும் நாலைந்து வந்தன.

“இதுக்குத்தான் சொன்னேன். கட்டிப் போட்டா உள்ள காத்து எப்படிப் போகும்? அழுகி நாறத்தானே செய்யும்?” என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

அக்கா எங்களைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். “சார், அது நாங்க போட்டது. அவங்க மேல தப்பில்ல.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஸ்டூடண்ட்ஸ்தானேம்மா, பரவாயில்ல. உங்களுக்கு ஃபர்ஸ்ட் டைம்.” பிறகு அக்காவிடம் திரும்பினார். “யார் போட்டா என்ன, கொட்டறதுக்கு முன்னாடி நீ பாக்க வேணாமா? அதுக்குத்தானே சம்பளம்? இந்த மாசத்தோட நின்னுக்கோ.”

“சார், ப்ளீஸ், தப்பு பண்ணது நான்” என்று மறுபடி ஆரம்பித்தேன்.

“நீங்க ஏம்மா ஃபீல் பண்றீங்க?” என்று சிரித்தபடி அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அக்கா குவியல் முன்னால் உட்கார்ந்து பொட்டலங்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் கையை நீட்டினேன். “போம்மா அந்தாண்ட. வந்து பாத்துகினு போறதோட நிக்க வேண்டியதுதானே?” என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் முடிச்சை அவர் பல்லால் கடித்து அவிழ்த்தார். என் எச்சில் சாதத்தை உதறிவிட்டு, பிளாஸ்டிக்கைத் தனியாகப் போட்டார். பேருந்து வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஏறிவிட்டேன்.

அன்று மாலை நோட்டைத் திறந்தேன். மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று ஒரு கோட்பாடு உண்டு, தேர்வுக்கு மனப்பாடம் செய்தது. அதை வலப்பக்கம் எழுதினேன். இடப்பக்கம், ‘போட்டது நான், வேலை போனது அந்த அக்காவுக்கு’ என்று எழுதினேன். எழுதும்போதே அழுதேன். ஏதோ பரிகாரம் செய்துவிட்ட மாதிரி கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, வெட்கக்கேடு.

நோட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தின் கீழே சிவப்பு மையில், ‘கோட்பாட்டுடன் மிக நல்ல இணைப்பு’ என்று பேராசிரியை எழுதியிருந்தார். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான்.