சாயிரா பானு தொடாத எண்

வில்லாபுரத்தில் தன் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெட்கமே கிடையாது என்பது சாயிரா பானுவின் தீர்மானம். பதினாறு வருஷமாக ஸ்கேன் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள் சொன்னால் தப்பிருக்காது. வயதில் ரெண்டு வருஷம் குறைக்கச் சொன்ன கல்யாண மாப்பிள்ளை, பெயிலைப் பாஸாக்கச் சொன்ன தாய்மாமன் எல்லோரையும் பார்த்தாயிற்று. "கம்ப்யூட்டர்தானே, ஒரு தட்டு தட்டுனாப் போச்சு" என்று இளிப்பார்கள். அவள் போடுகிற சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். கொஞ்சம் நயமாகச் சொல்லேன் என்பான் புருஷன் ஜலால். நயமாகச் சொன்னால் நாளைக்கும் வருவார்கள் என்பாள்.

கல்யாணராமன் மேல் அவளுக்கு இருந்த இளக்காரம் தனி ரகம். தாலுகா ஆபீஸ் கிளார்க். ஒரு எழுத்து மங்கியிருந்தால் மனுவை விட்டெறிகிற ஆசாமி. அவர் ஒருநாள் மகள் ஜானுவைக் கூட்டிக்கொண்டு கடையேறினார். ஜானு ப்ளஸ் டூ முடித்தவள்; நர்சிங் சேரவேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு மார்க் ஷீட்டை ஸ்கேன் எடுக்க வந்திருந்தார்கள். மார்க் ஷீட்டில் இயற்பியல் செய்முறைக்கு இருபதுக்கு இரண்டு என்று அச்சாகியிருந்தது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு அறுபத்தைந்து வாங்கிய பிள்ளைக்குச் செய்முறையில் இரண்டு. அச்சுப் பிழை என்று பார்த்ததுமே சாயிராவுக்குப் புரிந்தது.

"பதினெட்டு மார்க்காச்சும் வரும்மா. ஸ்கேன்ல அதைப் போட்டுரு" என்றார்.

"தப்புதான் சார், ஒத்துக்கிறேன். ஆனா நான் தொடமாட்டேன்."

"இல்லாததையா கேக்குறேன்? உள்ளதைத்தானே கேக்குறேன். எங்க ஆபீஸ்ல தப்பு வந்தா ஒரு கோடு கிழிச்சு, திருத்தி, சுருக்கொப்பம் வைப்போம். வேலை முடிஞ்சது."

"அது உங்க ஃபைல் சார், நீங்க ஒப்பம் வைக்கிறீங்க. இந்த மார்க்கைக் கொடுத்தது தேர்வுத்துறை. உங்களுக்கு யாரு அந்தப் பேனாவைக் கொடுத்தா? உண்மையாவே இருந்தாலும் நாம மாத்துனா அது போலி. ஹெச்.எம்.கிட்டப் போங்க. செய்முறை மார்க் லிஸ்டோட காப்பி ஸ்கூல்ல இருக்கும். அதையும் ஒரிஜினல் ஷீட்டையும் வச்சு அவரு தேர்வுத்துறைக்கு எழுதுவாரு. அங்க அவங்க ரெக்கார்டைப் பாத்துத் திருத்தி, புதுசு கொடுப்பாங்க. அதுவரைக்கும் விண்ணப்பத்துல இந்த ரெண்டையே ஏத்துவோம். திருத்தத்துக்கு அனுப்பியிருக்குன்னு ஹெச்.எம். லெட்டரையும் காலேஜுக்குக் கொடுப்போம்."

ஜானு உடனே, "ஸ்கூலுக்கே போவோம்ப்பா" என்றாள். கல்யாணராமன் முகம் கடுகடுத்தது. காரணம் சாயிராவுக்குத் தெரியும். அந்த ஹெச்.எம்.மின் பட்டா மனுவை மூன்று முறை திருப்பியடித்த மகானுபாவர் இவர். இப்போது அவர் முன்னால் போய்க் கைகட்டி நிற்பதா? ஊருக்குத்தான் உபதேசம்.

"பாத்துக்கிறேன்" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த தெருவில் மொக்கையனின் ஜெராக்ஸ் கடை. ஐந்து நிமிஷத்தில் இரண்டு பதினெட்டாகி, விண்ணப்பமும் ஏறிவிட்டது. கீழே 'இணைத்தவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியில் கையெழுத்து மட்டும் ஜானுவுடையது. அப்பாவைக் கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளை இல்லை அது.

கல்லூரிக்காரர்கள் பதிவெண்ணைப் போட்டு தேர்வுத்துறைப் பதிவோடு ஒப்பிட்டார்கள். அங்கே இரண்டு, இங்கே பதினெட்டு. போலி ஆவணம் என்று ஜானுவின் விண்ணப்பத்தை ரத்து செய்தார்கள். அச்சுப் பிழை என்று கல்யாணராமன் போய்க் கெஞ்சியதற்கு, பிழை என்றால் முறையாகத் திருத்தி வந்திருக்கலாமே, நீங்களே ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார்கள். போலீசுக்கு எழுதாமல் விட்டது அந்தப் பெண்ணின் வயதைப் பார்த்துத்தான். தன் ஆபீசில் தினமும் பத்துப் பேரிடம் கல்யாணராமன் கேட்கிற அதே கேள்வி. அந்தச் செய்தி கேட்டு சாயிரா சந்தோஷப்பட்டாள், உடனே அந்தப் பிள்ளையை நினைத்துத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

பிறகுதான் கல்யாணராமன் பள்ளிக்கூடத்துப் படியேறினார். ஹெச்.எம். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அன்றைக்கே பட்டியலை எடுத்துப் பார்த்து, கடிதம் எழுதி, ஒரிஜினலோடு அனுப்பினார். இவர் பயந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ஒன்றரை மாதத்தில் புது மார்க் ஷீட் வந்தது. கல்லூரியில் அதற்குள் வகுப்பே தொடங்கிவிட்டது. அப்பாவும் மகளும் ஸ்கேன் எடுக்க சாயிராவிடம்தான் வந்தார்கள்.

"அடுத்த வருஷத்துக்கு ஆகும்ல" என்றார் கல்யாணராமன், யாரையும் பார்க்காமல்.

சாயிரா காகிதத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தாள். திரையில் இயற்பியல் வரிசை வந்தது. செய்முறை: இருபதுக்கு இருபது.

ஜானு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இருபது வாங்கியிருக்கேம்ப்பா" என்றாள். "நீங்க பதினெட்டுதான் போட்டீங்க."