ஏழா, ஒன்பதரையா

கணக்கில் நான் மக்கு இல்லை. அரசு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவள். ஊரார் சம்பளத்தில் ஒரு ரூபாய் தவறினாலும் எனக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட என்னை ஒரு சின்னக் காரின் கடன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டது.

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் கார் பேச்சே எழுந்தது. நாங்கள் இருக்கும் இந்த மலையாள நகரத்தின் கிழக்கேகோட்டை நெரிசலில் அவர் ஸ்கூட்டரில் போய்வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானே ஓட்டப் பழகினேன். அவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். அங்கே அவரை இறக்கிவிட்டு நான் ஆபீஸ் போவதாகத் திட்டம்.

நாள் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, ஷோரூமுக்குப் போனோம். ஏசியும் காபியும் அமர்க்களமாக இருந்தன. விற்பனை இளைஞன் எங்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார்த்தினான். அவன் பேசியது பாதி மலையாளம், பாதி தமிழ்.

"சாரே, பேங்க்ல நேரா போனா ஒன்பதரை சதவீதம். ஞங்கட லோன் வெறும் ஏழு. மாச அடவு, அதான் தவணை, அதுவும் குறைவு. சிங்கம் ஒண்ணுக்கு வண்டி உங்க வீட்டு முன்னாடி நிக்கும், கேட்டோ."

சிங்கம் ஒன்று என்றால் மலையாள வருடப் பிறப்பு. அன்று புது வண்டி எடுப்பதென்றால் ஊருக்கே ஆசை. ஏழு, ஒன்பதரையை விடக் குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாரண்டி இன்னும் சில வருடம் நீட்டிப்பு. பெயின்ட்டுக்கு மேல் ஒரு பூச்சு. சீட் உறை, மிதியடி, இன்னும் என்னென்னவோ அடங்கிய ஒரு தொகுப்பு. கடைசியாகக் கடன் பாதுகாப்புக் காப்பீடு: கடன் வாங்கியவர் இறந்துபோனால் மிச்சக் கடனைக் காப்பீட்டுக் கம்பெனியே அடைக்குமாம். "கையிலேர்ந்து இப்போ ஒண்ணும் தர வேண்டா, எல்லாம் லோன்லயே சேர்த்துடலாம்" என்றான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எனக்கு வாய்வரை வந்தது.

என் கணவர் கொத்தமல்லிக் கட்டுக்குக் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காப்பீடு என்றதும் இன்னும் வேகமாக ஆட்டினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இளைஞன் டேப்லெட்டில் தட்டிக்கொண்டே கேட்டான்: "சாருக்கு ப்ரஷர், ஷுகர், ஹார்ட், அங்ஙனெ அசுகம் ஒண்ணும் இல்லல்லோ?"

"ஒண்ணும் இல்ல" என்றார் என் கணவர்.

நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். எங்கள் வலியசாலைத் தெருவில் நல்ல காரியம் பேசுகிற இடத்தில் நோயைப் பற்றி வாய் திறப்பதில்லை. கல்யாணப் பேச்சு நடந்தால் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். அந்த வழக்கம் என் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது. கடன் அவர் பெயரில், கூட்டுக் கடன்காரியாக நான். முன்பணம் கட்டிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். மாதத் தவணை குறைவுதான். ஆனால் ஏழு வருடத் தவணையையும் சேர்த்தால் ஒன்பதரையில் ஐந்து வருடம் கட்டுவதை விட எங்கேயோ போய் நின்றது. திரும்பத் திரும்பக் கூட்டினேன். குறைந்த வட்டிக்கு எப்படி இத்தனை பணம் போகும்?

"ஏன்னா, ஏழு குறைச்சல்தானே? அப்பறம் ஏன் ஜாஸ்தி வரது?"

"நீ சித்த சும்மா இரு. அந்த லோன்தான் நமக்குச் சரி."

"எதுனால சரி?"

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் அவரைக் கடையிலிருந்து கிளப்பி, என் சம்பளம் விழும் வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடன் பிரிவில் இருந்த அம்மாள் நாகர்கோவில்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். விவரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்த ஏழு ஃப்ளாட் ரேட், மேடம். நீங்க கடனை அடைச்சுக்கிட்டே வந்தாலும், முதல்ல வாங்குன முழுத் தொகைக்கும் கடைசி வருஷம் வரைக்கும் வட்டி போடுவாங்க. எங்களுது மிச்சம் இருக்க தொகைக்கு மட்டும். அந்த ஏழு சதவீதத்தை எங்க கணக்குல மாத்துனா பன்னெண்டு தாண்டிரும். வருஷம் கூடுனதுனாலதான் தவணை சிறுசா தெரியுது. வாரண்டி, பூச்சு எல்லாத்துக்கும் சேர்த்து வட்டி வேற."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் கணவரோ அசையவில்லை.

"இருக்கட்டும். ஆனா அந்தக் காப்பீடு இருக்கே" என்றார். "நான் இல்லேன்னா மிச்சத்தை அவா அடைச்சுடுவா. இவ தலைல விழாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் ஷோரூமில் காருக்குத் தலையாட்டவில்லை. தான் போன பிறகு நான் கடனில்லாமல் இருப்பதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"காப்பீடு நல்லதுதான் சார். உடம்பு பத்திக் கேட்டிருப்பாங்களே, என்ன சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "ஒண்ணும் இல்லேன்னு சொன்னார். ஸ்டென்ட் வெச்சிருக்கு."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ கஷ்டம். முதல் மூணு வருஷத்துக்குள்ள ஏதாவது ஆகி, மறைச்சது தெரிஞ்சா, தர மாட்டோம்னு சொல்லிரலாம். கடன் அப்படியே நிக்கும். கூடக் கையெழுத்துப் போட்ட மேடம்தான் கட்டணும்."

"நல்ல காரியம் நடக்கற இடத்துல அதைப் போய்ச் சொல்லலாமான்னுதான்…" என்று இழுத்தார் என் கணவர். எனக்காகச் செய்த ஏற்பாட்டை ஒரே வார்த்தையில் தானே உடைத்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குத் துணைபோயிருந்தேன்.

அந்த அம்மாள்தான் வழி சொன்னார். ஷோரூம் கடன் பணம் இன்னும் கைமாறவில்லை, வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். கூடுதல் பொருள் ஒன்றுமில்லாத விலைப்பட்டியல் மட்டும் வாங்கி வாருங்கள், பணத்தை வங்கியே ஷோரூமுக்கு அனுப்பும். வண்டிக்கான இன்ஷூரன்ஸை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்காக ஷோரூம்காரர்கள் வண்டி விலைத் தள்ளுபடியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள், பேசிப் பாருங்கள். காகிதம் நகர நாளாகும். சிங்கம் ஒன்று போய்விடும் என்று புரிந்தது.

"தவணை யார் சம்பளத்துல போகும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"என் சம்பளத்துல."

"அப்போ கடனை உங்க பேர்லயே போட்டுருவோம், மேடம். சாருக்குக் கடன் காப்பீடு எதுக்கு? வேணும்னா உங்களுக்குத்தான் எடுக்கணும். கட்டாயம் இல்ல. எடுக்கவா?"

இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தவணை கட்டப்போகிறவள் நான், வண்டி ஓட்டப்போகிறவளும் நான். அப்படியிருந்தும் சாவு என்றால் அவருடையது என்றே வைத்துக்கொண்டிருந்தோம். எடுப்பதா, வேண்டாமா என்று நான் குழம்பினேன். சரியென்று சொல்வதுதான் புத்திசாலித்தனமோ என்னவோ. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் வாய் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். தன் சாவுக்கு அத்தனை நிதானமாகக் கணக்குப் போட்ட மனுஷனின் குரல் அந்தக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி உயர்ந்தது.

"வேண்டாம். அவளுக்கு ஒண்ணும் ஆகாது."